முகத்துக்கும் மதிப்பெண்ணா?

அழகான ஆசிரியருக்கு மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் போடுகிறார்களா? அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்தார்கள் டேனியல் ஹாமர்மெஷும் ஏமி பார்க்கரும். ஆய்வு வெளியானது 2005இல்.

94 ஆசிரியர்களின் புகைப்படங்களை ஆறு மாணவர்களிடம் தந்து, தோற்றத்துக்கு மட்டும் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதை, அந்த ஆசிரியர்கள் நடத்திய 463 வகுப்புகளின் மாணவர் மதிப்பீடுகளோடு ஒப்பிட்டார்கள். அழகானவர்களுக்கே மதிப்பீடும் கூடுதலாக இருந்தது. ஒரே பாடத்தை நடத்திய வெவ்வேறு ஆசிரியர்களை ஒப்பிட்டபோதும் அந்த இடைவெளி மறையவில்லை.

வியப்பு என்னவென்றால், இந்தத் தாக்கம் பெண்களைவிட ஆண் ஆசிரியர்களிடமே அதிகம்.

அப்படியானால் இது பாரபட்சமா? அவசரப்பட முடியாது. பார்க்கப் பிடித்தவர் பேசும்போது மாணவர்கள் கூடுதலாகக் கவனித்து, உண்மையிலேயே நன்றாகக் கற்றிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது அநேகமாக இயலாது என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். மதிப்பீட்டுத் தாள் காட்டுவது மாணவரின் திருப்தியை, கற்றதை அல்ல. சம்பள உயர்வுக்கு அதை மட்டுமே அளவுகோலாக்கினால், முகத்துக்கும் சேர்த்தே சம்பளம் தர நேரும்.