சின்ன எழுத்தை மட்டும் பெரிதாக்க

இணையத்தில் எழுத்து சிறிதாகத் தெரிந்தால், கை தானாக Ctrl விசையையும் + விசையையும் சேர்த்து அழுத்துகிறது. ஒரு செய்திப் பக்கத்தில் செய்தி 16 பிக்சலிலும், படத்தின் கீழே உள்ள குறிப்பு 11 பிக்சலிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறிப்பு 14 பிக்சல் ஆனால் சிரமமில்லாமல் படிக்கலாம். அதற்குப் பயர்பாக்ஸ் உலாவியில் 133 சதவீதம்வரை ஜூம் செய்ய வேண்டும். அப்போது நன்றாகவே இருந்த செய்தி எழுத்தும் 21 பிக்சலாகி, வரிக்குச் சில சொற்கள்தான் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் வளர்ப்பதுதான் ஜூமின் வேலை. ஆகவே அதைக் கடைசியில் தொடுவது நல்லது.

முதலில் சரிசெய்ய வேண்டியது விண்டோஸை. பரவலாகப் புழங்கும் 15.6 அங்குல லேப்டாப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் திரை 1920க்கு 1080 புள்ளிகள். இணையப் பக்கம் சொல்லும் 16 பிக்சல், விண்டோஸ் அளவு 100 சதவீதத்தில் இருக்கும்போது இந்தத் திரையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. அச்சில் 8 பாயின்ட் எழுத்துக்குச் சமம். அதையே 150 சதவீதமாக்கினால் 4.3 மில்லிமீட்டர், அதாவது அச்சில் 12 பாயின்ட் ஆகிவிடும். Settings, System, Display என்று போனால் Scale என்ற இடத்தில் இதை மாற்றலாம். மாற்றிய பின்னும் மங்கலாகத் தெரியும் புரோகிராம் இருந்தால், ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இதற்குப் பதிலாகச் சிலர் திரையின் ரெசல்யூஷனைக் குறைத்துவிடுகிறார்கள். எழுத்து பெரிதாகும், உண்மைதான். ஆனால் திரையின் புள்ளிகள் மாறாதவை என்பதால் ஒரு புள்ளியின் நிறம் பக்கத்துப் புள்ளியில் கசிந்து விளிம்புகள் கலங்கும். தமிழில் இதன் பாதிப்பு அதிகம். மெய்யெழுத்தின் புள்ளியும் இகர ஈகாரச் சுழிகளும்தான் முதலில் கரையும்.

அடுத்தது குறைந்தபட்ச எழுத்தளவு. பலரும் கேள்விப்படாத இந்த வசதிதான் 11 பிக்சல் குறிப்புக்குச் சரியான மருந்து. பயர்பாக்ஸின் Settings பக்கத்தில் Fonts பகுதியிலுள்ள Advanced பொத்தானை அழுத்தினால் Minimum font size என்ற வரி வரும். அதில் 14 என்று வைத்தால், 14க்குக் கீழே உள்ள எழுத்து மட்டும் 14 ஆகும். 16 பிக்சல் செய்தி இருந்தபடியே இருக்கும்.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயர்பாக்ஸ் இந்த அளவை ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அதே பெட்டியின் மேலே Fonts for என்ற பட்டியலில் Tamil என்பதைத் தேர்ந்து 14 வைத்தாலும் சில தமிழ்த் தளங்களில் எதுவுமே மாறாது. தன் மொழி என்னவென்று பக்கம் தானே அறிவிக்கும் வரியைத்தான் உலாவி பார்க்கிறது. தமிழ்ப் பக்கத்தை வடிவமைத்தவர் அந்த வரியை

```
<html lang="en">
```

என்று விட்டிருந்தால், Latin பிரிவில் வைத்த அளவுதான் அங்கே செல்லும். ஆகவே Tamil, Latin, Other Writing Systems ஆகிய மூன்றிலும் 14 வைத்துவிடுங்கள். வரியைச் சரிபார்க்க Ctrl+U அழுத்தி, பக்கத்தின் தொடக்கத்தைப் பார்த்தால் போதும்.

14க்கு மேலே போக ஆசை வரும். 20 வைத்துப் பார்த்தால் செய்தி, குறிப்பு, துணைத்தலைப்பு எல்லாம் ஒரே அளவாகி, எது எதற்குத் தலைப்பு என்பதே தெரியாது. உயரத்தை இறுக்கிக் கட்டிய மெனுக்களிலும் பொத்தான்களிலும் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அல்லது பாதி வெட்டுப்படும். அப்படித் தெரிந்தால் ஒன்றிரண்டு பிக்சல் குறையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இன்னும் சிரமம் தரும் தளத்துக்குத்தான் ஜூம். உலாவி அதை அந்தத் தளத்துக்கென்று நினைவில் வைத்துக்கொள்ளும்; மற்ற தளங்கள் மாறாது. படமாகப் போடப்பட்ட அறிவிப்பில் உள்ள எழுத்தைக் குறைந்தபட்ச அளவு தொடவே தொடாது, ஜூம்தான் பெரிதாக்கும்.

மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகும் என்பதையும் மறக்கக்கூடாது. நம் லேப்டாப்பில் 150 சதவீத விண்டோஸ் அளவு, 1920 அகலத்தை 1280 ஆகப் பக்கத்துக்குக் காட்டுகிறது. அதன்மேல் 150 சதவீத ஜூம் வைத்தால் மீதி 853. இந்த அகலத்தில் பல தளங்கள் கைபேசி வடிவத்துக்கு மாறி, மெனுவை மூன்று கோட்டுக் குறிக்குள் வைத்துவிடும். மெனு காணாமல் போனதாக அஞ்ச வேண்டாம், அந்தக் குறியைத் தட்டினால் வரும். 400 சதவீத ஜூமில் மீதி 320. அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 விதிகள், இந்த 320 அகலத்திலும் வரிகளைப் பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்கின்றன. வரைபடத்துக்கும் அகலமான அட்டவணைக்கும் விலக்கு உண்டு. அவற்றைப் பார்க்கும்போது மட்டும் Ctrl+0 அழுத்தி ஜூமை 100க்குக் கொண்டுவந்துவிடலாம்.