கால்சாவின் ஐந்து அடையாளங்கள்

சீக்கியர்களின் பத்தாவது குரு கோவிந்த் சிங், 1699ஆம் ஆண்டு வைசாகி நாளில் ஆனந்த்பூரில் கால்சா அமைப்பைத் தோற்றுவித்தார். இரும்புக் கிண்ணத்து நீரில் இனிப்பு சேர்த்து, இருபுறமும் கூரான வாளால் கலக்கிய அமிர்தத்தைப் பருகுவதே தீட்சை. அதைப் பெற்ற ஆணும் பெண்ணும் பஞ்ச ககார் எனப்படும் ஐந்து அடையாளங்களை எப்போதும் உடலில் தாங்கியிருக்க வேண்டும்.

முதலாவது கேஷ். தலைமுடி மட்டுமல்ல, உடலின் எந்த முடியையும் வெட்டுவதில்லை. இறைவன் தந்த உருவத்தை அப்படியே ஏற்பதே இதன் பொருள். முடியை வெட்டிக்கொண்டவர் நெறி தவறியவராகிறார். பிராயச்சித்தம் செய்து மீண்டும் அமிர்தம் பெற வேண்டும். எல்லோர் கண்ணிலும் படும் தலைப்பாகை இந்த ஐந்தில் சேராது என்பது பலருக்குத் தெரியாது. அது கேஷத்தைக் காக்கும் ஆடை.

வெட்டாத முடியோடு சேர்ந்தே வருகிறது கங்கா என்னும் சிறிய மரச்சீப்பு. உலகைத் துறந்த சாதுக்களும் முடி வளர்த்தார்கள். ஆனால் அது சடையாகத் திரிந்தது. சீக்கிய நெறியோ இல்லறத்தில் இருந்தபடியே இறைவனை நாடச் சொல்கிறது. ஆகவே தினமும் இருமுறை தலைவாரி, சீப்பைக் கொண்டையிலேயே செருகிக்கொள்கிறார்கள். தூய்மையும் ஒழுங்கும் இதன் உட்பொருள்.

கையில் அணியும் கடா, இரும்பாலோ எஃகாலோ ஆன வளையம். இது நகை அல்ல என்பதால் பொன்னில் செய்வது நெறிக்குப் பொருந்தாது. தொடக்கமும் முடிவும் இல்லாத இறைவனை வட்டம் குறிக்கிறது. தவறான செயலுக்கு நீளும் கையைத் தடுத்து நினைவூட்டுகிறது. கச்சேரா என்பது நாடா வைத்துத் தைத்த பருத்தி உள்ளாடை. ஒழுக்கத்துக்கும், எந்நேரமும் கடமைக்கு எழத் தயாராக இருப்பதற்கும் அடையாளம்.

ஐந்தாவதான கிர்பான் என்ற வாள், காத்ரா எனப்படும் தோள்பட்டை வாரில் தொங்கும். எளியோரைக் காக்கும் பொறுப்பையே அது குறிக்கிறது. வலியத் தாக்குவதற்கு அதில் இடமில்லை. இந்திய அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு, கிர்பான் அணிவதைச் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதன் பகுதியாகவே ஏற்கிறது.

பிற நாடுகளில் இது எளிதில் ஏற்கப்படவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2001ஆம் ஆண்டு ஒரு பள்ளி மாணவனின் கிர்பான் தற்செயலாகக் கீழே விழ, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முழுத் தடை சமய உரிமையை மீறுகிறது என்று 2006இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மர உறையில் இட்டு, தடித்த துணியில் சுற்றி, வாரோடு சேர்த்துத் தைத்து, ஆடைக்குள் அணிந்தால் பள்ளிக்கு வரலாம் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. கூர்மையை எட்டாமல் மூடிவைத்தாலும் அடையாளம் உடலிலேயே இருக்கிறது என்பதால், மாணவனின் குடும்பம் அந்த நிபந்தனைகளை முன்பே ஏற்றிருந்தது.