விற்கும் நாளிலிருந்து தொடங்கும் கார் கணக்கு

கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது, "ஆன்ரோடு எவ்வளவு வரும்?" அடுத்து, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" கடனில் வாங்குகிறவர்கள் மாதத் தவணையையும் கேட்டுக்கொள்வார்கள். ஐந்து வருடத்தில் நம் கையைவிட்டுப் போகிற பணத்தில் மிகப் பெரிய பங்கு இந்த மூன்று பதில்களிலுமே இல்லை. காரை விற்கிற நாளில்தான் அது தெரியும். ஆனால் வாங்குவதற்கு முன்பே அதை ஓரளவு கணித்துவிட முடியும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு குடும்பம் எட்டு லட்ச ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள 1.2 லிட்டர் பெட்ரோல் காரைப் பார்த்துவைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள்கால சாலை வரி 13 சதவீதம். அது 1,04,000 ரூபாய். முதல் இன்சூரன்ஸ் 38,000, பதிவுச் செலவு முதலான சில்லறைகள் 8,000 என்று வைத்தால், ஆன்ரோடு விலை ஒன்பதரை லட்சம். இரண்டு லட்சம் கையிலிருந்து. மீதி ஏழரை லட்சம் ஒன்பதரை சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன்.

இந்தக் காரை ஐந்து வருடம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும்? இதே மாடலில், இதே வேரியன்ட்டில், ஐந்து வருடம் ஓடிய கார்கள் பழைய கார் தளங்களில் என்ன விலைக்கு நிற்கின்றன என்று பாருங்கள். நான்கைந்து கார்களின் விலையைக் குறித்துக்கொண்டு, அதை அவை புதிதாக விற்ற வருடத்து எக்ஸ்-ஷோரூம் விலையோடு ஒப்பிட வேண்டும். இன்றைய புது விலையோடு ஒப்பிட்டால் கணக்கு தவறும். தளத்தில் போட்டிருப்பது விற்பவர் எதிர்பார்க்கும் விலை. கைக்கு வருவது அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால் பத்து சதவீதமாவது கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது கார் மலிந்தால் பழைய காரின் விலையும் இறங்கும். அதற்கு முன் வாங்கிய கார்களின் விகிதத்தை நம் காருக்கு அப்படியே பொருத்தாமல், கிடைக்கும் தொகையைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுவது நல்லது.

நம் கார் நான்கு லட்சத்துக்கு விலைபோகும் என்று கொள்வோம். எக்ஸ்-ஷோரூம் விலையில் பாதி என்பதால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நாம் கொடுத்தது ஒன்பதரை லட்சம். சாலை வரியையும் முதல் இன்சூரன்ஸையும் யாரும் தனியாகத் திருப்பித் தரப்போவதில்லை. ஆக, மதிப்பில் போனது ஐந்தரை லட்சம்.

பெட்ரோலுக்கு வருவோம். நிறுவனம் சொல்லும் மைலேஜ் 22 என்றால், அது சோதனைக்கூடத்தில் அளந்தது. அண்ணா சாலை சிக்னல்களில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஓட்டினால் 15 கிடைக்கலாம். உண்மையை அறிய, அதே கார் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் டேங்கை முழுக்க நிரப்பச் சொல்லுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் போல வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே பங்கில் மறுபடி முழுக்க நிரப்பட்டும். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், ஐந்து வருடப் பெட்ரோல் செலவு 3,37,000. விளம்பர மைலேஜை நம்பியிருந்தால் 2,30,000 என்று போட்டிருப்போம். ஒரு லட்சத்துக்கு மேல் துண்டு விழும்.

கடன் தவணை மாதம் 15,750 ரூபாய். அதில் அசல் காரின் விலைக்குள் வந்துவிட்டது. செலவுக் கணக்கில் சேர வேண்டியது வட்டி மட்டுமே. அது 1,95,000. தவணை முழுவதையும் செலவில் சேர்த்தால் ஒரே பணத்தை இருமுறை எண்ணியதாகிவிடும். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். கையிலிருந்து போட்ட இரண்டு லட்சத்துக்கும் ஒரு விலை உண்டு. வங்கியில் ஆறு சதவீத வைப்பு நிதியில் கிடந்திருந்தால் ஐந்து வருடத்தில் சுமார் 69,000 ஈட்டியிருக்கும்.

புது காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 முதல் இருக்கும் விதி. அதனால் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் நம் காருக்கான சேதக் காப்பீட்டை மட்டும் புதுப்பித்தால் போதும். நான்காம் வருடம் இரண்டும் சேர்ந்து வரும். க்ளெய்ம் எதுவும் செய்யாமல் இருந்தால் 20 சதவீதத்தில் தொடங்கும் தள்ளுபடி படிப்படியாக ஏறி 50 வரை போகும். பம்பர் கீறலுக்காக நாலாயிரம் ரூபாய் க்ளெய்ம் செய்தால் அந்தத் தள்ளுபடி போய்விடும் என்பதால், கையிலிருந்து கொடுப்பதே பல சமயம் லாபம். புதுப்பிப்புகளுக்கு 60,000, சர்வீஸ், பேட்டரி, ஒரு செட் டயர் எல்லாம் சேர்த்து 75,000, பார்க்கிங், டோல் கட்டணங்களுக்கு 50,000 என்று வைக்கலாம்.

எல்லாம் கூட்டினால் 13,36,000 ரூபாய். மாதத்துக்கு 22,000-க்குச் சற்று மேல். கிலோமீட்டருக்கு 27 ரூபாய் அளவில். இதில் பெட்ரோலின் பங்கு நாலில் ஒன்று. மதிப்புக் குறைவின் பங்கு நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். அதனால்தான், லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடத் தரும் காரைவிட, ஐந்து வருடம் கழித்து ஒரு லட்சம் கூடுதலாக விலைபோகும் கார் பெரும்பாலும் மலிவாக முடிகிறது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனால் சில பேச்சுகள் வேறுமாதிரி கேட்கும். "இன்னும் கொஞ்சம் போட்டால் டாப் வேரியன்ட் வந்துவிடும் சார்" என்பார்கள். பத்து லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் சாலை வரி 13-லிருந்து 18 சதவீதமாகிறது. 9,90,000 ரூபாய் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் காருக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம் வித்தியாசம், வரியில் ஐம்பத்து மூவாயிரம். பத்து லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் அது செலவில்லை. வரி வித்தியாசம் திரும்பாது.

"ஏழு வருடக் கடனாகப் போட்டால் தவணை 12,260-தான்" என்பார்கள். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு மிச்சம் போலத் தெரியும். ஆனால் ஐந்து வருட முடிவில் காரை விற்க நினைத்தால் 2,67,000 ரூபாய் கடன் அப்படியே நிற்கும். விற்று வரும் நான்கு லட்சத்தில் அதைக் கட்டினால் கையில் 1,33,000 மிஞ்சும். அதற்குள் வட்டியாகவும் 57,000 கூடுதலாகப் போயிருக்கும்.

வருட ஓட்டம் 5,000 கிலோமீட்டர்தான் என்றால் பெட்ரோல் செலவு பாதியாகும், டயர் மாற்ற வேண்டியிருக்காது, விற்கும்போதும் முப்பதாயிரம் கூடக் கிடைக்கலாம். வரியும் வட்டியும் இன்சூரன்ஸும் மட்டும் அசையாது. மொத்தம் 11,20,000 அளவில் வரும். ஓடியது 25,000 கிலோமீட்டர் என்பதால் கிலோமீட்டருக்கு 45 ரூபாய். அப்படிப்பட்ட குடும்பம் தான் வழக்கமாகக் கொடுக்கும் கால் டாக்ஸிக் கட்டணத்தைக் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பிரித்து இதன் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அல்லது மூன்று வருடம் ஓடிய இதே மாடலுக்கு இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். சாலை வரியும் தொடக்க வருடங்களின் பெரிய மதிப்பிழப்பும் முதல் உரிமையாளரோடு முடிந்துபோயிருக்கும்.