பில் பாக்கிக்கு மூன்று கடிதங்கள்

கெடு தாண்டிய பில்லுக்குப் பணம் கேட்டு எழுதும் நினைவூட்டல் வழக்கமாக மூன்று படிகளில் போகும். படிக்குப் படி தொனி இறுகும். கடிதம் போய்ச் சேரும் ஆளும் மாறுவார். கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சிறிய லேத் பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். ஜூன் 3 அன்று சரக்கு போய்ச் சேர்ந்தது. ஜிஎஸ்டி சேர்த்து பில் 1,18,000 ரூபாய். பேசிய தவணை 30 நாள். ஜூலை 3 போன பிறகும் பணம் வரவில்லை.

முதல் கடிதம் ஓரிரு நாளிலேயே போகலாம். அது கணக்குப் பிரிவில் பில்லைப் பதியும் ஊழியருக்கானது. அங்கே பணம் நிற்பதற்குக் காரணம் பல நேரம் சாதாரணமானது: பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் தவறியிருக்கும், சரக்கு வந்ததற்கான ரசீது கிடங்கிலேயே தங்கியிருக்கும். அதனால் பில் நகலையும் கையெழுத்தான டெலிவரி சலானையும் இணைத்து, “இந்த பில் உங்கள் கணக்கில் ஏறிவிட்டதா? வேறு ஏதாவது காகிதம் தேவையா?” என்று கேட்டால் போதும். ‘நிலுவை’ என்ற சொல்கூட இங்கே வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் இரண்டாவது கடிதம். இது கணக்கு மேலாளருக்குப் போகும். ஆர்டர் கொடுத்த கொள்முதல் அதிகாரிக்கும் ஒரு நகல். பில் எண், தொகை, கெடு தேதி மூன்றும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். “விரைவில் அனுப்புங்கள்” என்று எழுதினால் “விரைவில் அனுப்புகிறோம்” என்றுதான் பதில் வரும். “எந்தத் தேதியில் பணம் வரும் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்” என்பதற்கு அப்படி நழுவ முடியாது. பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்தோடு வரும் பதிலைப் பத்திரப்படுத்துவது நல்லது. வழக்குத் தொடர்வதற்கான மூன்று ஆண்டு வரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணப்படும்.

மூன்றாவது கடிதத்துக்குப் பலம் தருவது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். பேசிய தவணை எதுவானாலும், குறு, சிறு நிறுவனங்களுக்குச் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். இந்தப் பட்டறைக்கு அந்த நாள் ஜூலை 18. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 16.5 சதவீதம், முதல் மாதத்துக்கு மட்டும் சுமார் 1,620 ரூபாய். இந்தக் கணக்கோடு நிறுவன உரிமையாளர் பெயருக்கே ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் போகும். ஏழு நாள் கெடு, அதன் பின் புதிய ஆர்டர் நிறுத்தம், வசதி மன்றத்தில் புகார் என்று வரிசையாகச் சொன்னால் போதும். கோபச் சொற்கள் கடிதத்தைப் பலவீனப்படுத்தும். செய்யப்போகாததை எழுதினால் அடுத்த பில்லுக்கும் அதே கதைதான்.

சரக்கில் குறை என்று அப்போதுதான் பதில் வந்தால், தேதியைப் பார்க்க வேண்டும். டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராத சரக்கை, ஏற்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தி, சேவை நிறுவனங்களுக்கே உண்டு. சரக்கை வாங்கி விற்கும் வியாபாரி, மூன்றாவது கடிதத்தில் தன் ஒப்பந்தத்தில் எழுதிய வட்டியைத்தான் காட்ட முடியும்.