தேடல் பெட்டியில் பாதியில் நிறுத்துங்கள்

முடி உதிர்வு பற்றி ஒரு தோல் மருத்துவர் கட்டுரை எழுதினால், 'முடி உதிர்வுக்கான காரணங்களும் சிகிச்சை முறைகளும்' என்று தலைப்பு வைப்பார். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருவதைப் பார்த்துப் பதறியவர் கைப்பேசியில் அப்படியா தட்டுவார்? 'முடி கொட்டாமல் இருக்க' என்பார். இல்லையென்றால் mudi valara tips என்பார். இந்த இரண்டாவது மனிதரின் வாசகத்தைப் பிடிக்க, கூகுளின் தேடல் பெட்டியே போதும்.

பாதி எழுதியதும் கீழே சரசரவென்று விரியும் பரிந்துரைகள் 2004இல் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியவை. மற்றவர்கள் உண்மையிலேயே தேடியவற்றை அடிப்படையாகக் கொண்டு, நம் மொழி, இருக்கும் இடம், பழைய தேடல்கள் ஆகியவற்றையும் பார்த்து அவை எழுகின்றன. அதனால் முதல் வேலை, நம்முடைய சொந்தப் பழக்கத்தை விலக்குவது. உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, கணக்கில் நுழையாமல் தேடுங்கள்.

இப்போது 'முடி' என்று தட்டிப் பாருங்கள். தேர்வு முடிவு, தேர்தல் முடிவு என்று சம்பந்தமில்லாதவையும் வரலாம். பெட்டிக்கு நீங்கள் 'முடிவு' எழுதப் போகிறீர்களா என்பது தெரியாது. ஓர் இடைவெளி விட்டால் பேச்சு தலைமுடிக்குத் திரும்பும். அதற்குப் பிறகு ஓர் எழுத்து: 'முடி க' என்றால் கொட்டுவதும் கருப்பாவதும், 'முடி அ' என்றால் அடர்த்தி, 'முடி வ' என்றால் வளர்வதும் வெடிப்பும் என்ற சாயலில் வரிகள் மாறும். ஒவ்வோர் எழுத்துக்கும் நிறுத்தி, வந்ததை வந்தபடியே குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழையையும் திருத்தாதீர்கள், ளகர லகரக் குழப்பமும் ஒரு தகவல்தான்.

குறிப்பைப் படிக்கும்போது வரியின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், தேடுபவரின் நோக்கம் அங்கேதான் இருக்கும். 'முடி வளர', 'தொப்பை குறைய', 'வறட்டு இருமல் நீங்க' என்று, நடக்க வேண்டியதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது நம் மக்களின் வழக்கம். 'குறைப்பது எப்படி' என்று கேள்வியாக எழுதுபவர்களும் உண்டு. ஆனால் முதல் வகையை எழுத்தாளர்கள் சுத்தமாக மறந்துவிடுகிறோம். முன்னால் வரும் சொற்களைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு: 'முடி கொட்டுதல்' என்று எழுதிவிட்டு, கர்சரை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் இடைவெளி விட்டுப் பாருங்கள். 'பெண்களுக்கு', 'பிரசவத்திற்குப் பிறகு' போன்ற அடைமொழிகள் சிலசமயம் இப்படித்தான் தலைகாட்டும்.

இதே சுற்றை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை ஓட்ட வேண்டும். தமிழ் எழுத்தில் தேடுபவரும் mudi kotta karanam என்று தட்டுபவரும் பெட்டிக்கு வேறு வேறு ஆட்கள், இரண்டு பட்டியலும் ஒன்றாக இருக்காது. uthirvu, udhirvu என எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். hair fall tips in tamil என்று கடைசியில் மொழியைச் சொல்பவர்கள் மூன்றாவது கூட்டம். படிக்க வேண்டியது தமிழ், தட்டுவது ஆங்கிலம். யூடியூபின் பெட்டியையும் விட்டுவிடாதீர்கள், அங்கே பரிந்துரைகள் தனி.

என்டர் தட்டிய பிறகு பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்கள் வேறு ரகம். பெட்டி நாம் எழுதியதை நீட்டும். இவை பக்கத்து வீட்டுக்கே கூட்டிப்போகும். முடி கொட்டுவதிலிருந்து பொடுகு, வெங்காயச் சாறு, இளநரை என்று போகலாம். அதில் புதிதாக ஒரு பெயரைக் கண்டால் அதை மறுபடி பெட்டியில் இட்டு, எழுத்து எழுத்தாகத் தொடங்குங்கள்.

நாட்டுக்கு நாடு சொல் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். சென்னையில் சளி, ஜலதோஷம் என்பதை யாழ்ப்பாணத்தில் தடிமன் என்பார்கள். இலங்கை வாசகர்களுக்கு எழுதுபவர் தேடல் அமைப்பில் பகுதியை இலங்கை என்று மாற்றிக்கொண்டு, 'தடிமன்' என்றே தொடங்க வேண்டும்.

மேலே வந்த பரிந்துரைதான் அதிகம் தேடப்பட்டது என்று எடுத்துக்கொள்வது பெரிய சறுக்கல். பெட்டி எண்ணிக்கை எதையும் காட்டுவதில்லை. நேற்றுப் பரபரப்பான விஷயம் இன்று மேலே ஏறிவிடும். வன்முறை, ஆபாசம், வெறுப்பு சார்ந்தவற்றைக் கூகுளே பரிந்துரையிலிருந்து நீக்கிவிடுகிறது. ஆகவே அந்தரங்க நோய்களைப் பற்றி எழுதுபவர், பெட்டி மௌனமாக இருந்தால் யாரும் தேடவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இரண்டு வாசகங்களில் எது பெரிது என்று பார்க்க கூகுள் டிரெண்ட்ஸ் உதவும். 'முடி உதிர்வு', 'முடி கொட்டுதல்', mudi valara மூன்றையும் அருகருகே இட்டு, இந்தியாவையும் 12 மாதங்களையும் தேர்ந்தெடுங்கள். அங்கே தெரியும் 0 முதல் 100 வரையிலான எண் ஆட்களின் எண்ணிக்கை அல்ல, ஒப்பீட்டு அளவு மட்டுமே. நீளமான தமிழ் வரிகளுக்குக் கோடே வராமல் போகலாம். அப்போது கடைசி வினையை வெட்டி இரண்டு சொல்லாகச் சுருக்கிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த வரியைத் தலைப்பில் வைக்காமல், கட்டுரைக்குள் ஒரு துணைத் தலைப்பாக வைத்துக்கொள்ளலாம்.