5 விநாடி ஓட்டம், முக்கால் நிமிட ஓய்வு

பள்ளி மைதானங்களில் மாலையில் அடிக்கடி பார்க்கலாம். மாஸ்டர் விசில் ஊதியதும் கால்பந்து அணிப் பிள்ளைகள் 30 மீட்டர் பறக்கிறார்கள். திரும்பி வந்து மூச்சு வாங்குவதற்குள் மறு விசில். ஆறேழு தடவைக்குப் பிறகு யாரும் பறப்பதில்லை, மிதமாக ஓடுகிறார்கள். வேகப் பயிற்சி என்ற பேரில் அப்புறம் நடப்பது வெறும் களைப்புதான்.

முழு வேக ஓட்டத்தின் முதல் சில விநாடிகளில் தசை பெரிதும் நம்பியிருப்பது தன்னிடம் சேர்ந்திருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட்டை. செலவானதில் பாதி திரும்பச் சேரவே சுமார் அரை நிமிடம் ஆகும். அதனால் வேகம்தான் குறி என்றால், ஓடிய நேரத்தைப்போல எட்டு மடங்காவது ஓய்வு வேண்டும்.

18 பேர் கொண்ட அணியில் இதற்குச் சுலபமான வழி, வரிசையையே கடிகாரமாக்கிவிடுவது. மூன்று மூன்று பேராக ஆறு குழுக்கள். 8 விநாடிக்கு ஒரு குழு புறப்படட்டும். ஒரு குழுவுக்கு மறுமுறை வர 48 விநாடி ஆகும். ஓட்டத்துக்கு 5 போக, நடந்து திரும்பவும் ஓயவும் 43 விநாடி கிடைக்கிறது. ஆறு ஓட்டம், 3 நிமிட ஓய்வு, மறுபடி ஆறு. முதலில் 4.8 விநாடியில் ஓடியவன் 5.2-க்கு வந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்கு அது போதும்.

ஆட்டம் முழுக்கத் தாங்கும் மூச்சுக்குக் கணக்கே வேறு. அங்கே ஓய்வு உழைப்பைவிடக் குறைவு. நார்வேயின் இளையோர் அணி வீரர்களை வைத்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், 4 நிமிடம் கடும் ஓட்டம், 3 நிமிடம் மெதுஓட்டம் என்று நான்கு சுற்று, வாரம் இரண்டு முறை, 8 வாரம் ஓடவைத்தார்கள். ஆட்டத்தில் அவர்கள் கடந்த தூரம் 20 சதவீதம் கூடியது.

பள்ளியில் இதைப் பந்தோடு செய்வதே நல்லது என்பேன். வெறும் ஓட்டமென்றால் பாதிப்பேர் ஏமாற்றுவார்கள். சிறு திடலில் நாலுக்கு நாலு ஆட்டம், 4 நிமிடம். முதல் வாரங்களில் மூன்று சுற்று போதும். பந்து வெளியே போனால் ஆட்டம் நிற்காதபடி ஓரத்தில் உதிரிப் பந்துகள் இருக்கட்டும். சுற்று முடிந்த கையோடு கழுத்தில் நாடி பிடித்து 10 விநாடி எண்ணச் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பையனுக்கு 30 துடிப்பை ஒட்டி இருந்தால் சரி. ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு மாறும். 26, 27-தான் என்றால் திடலை அகலப்படுத்துங்கள். 3 நிமிட நடைக்குப் பிறகு 22-க்குக் கீழே இறங்காதவனுக்கு இன்னும் ஒரு நிமிடம். அப்போதும் இறங்காவிட்டால் உட்கார வையுங்கள்.

இரண்டையும் ஒரே மாலையில் வைத்தால் வேக ஓட்டம்தான் முதலில் வரவேண்டும். சித்திரை வெயிலில் சுற்றைக் குறைத்து, தண்ணீரோடு ஓய்வைக் கூட்டிக்கொள்ளலாம். கிடுகிடுவென வளரும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை குதிகால் அல்லது முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்றால், சாக்குச் சொல்கிறான் என்று நினைக்காமல், அந்த வாரம் வேக ஓட்டத்திலிருந்து விட்டுவிடுங்கள்.