ஊசாத சோறும் மணக்கும் குழம்பும்

உணவு கெடுவதைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சோறு ஊசிப்போகிறது, மாவு புளித்துப்போகிறது, பால் திரிகிறது, பழைய வடை நூல்விடுகிறது, எண்ணெய்ப் பண்டம் காறலெடுக்கிறது. இச்சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஊசலை மூக்கு அறியும். புளிப்பையும் காறலையும் நாக்கு அறியும். நூலையும் திரிதலையும் கண் அறியும். புலன்களுக்கு எட்டாத கேட்டினைக் குறிக்கும் அடுக்களைச் சொல் ஒன்றையும் நாம் கேட்டதில்லை. ஆனால் மிஞ்சிய சோற்றாலும் குழம்பாலும் வரும் வயிற்றுக்கோளாறு பெரும்பாலும் அத்தகைய கேட்டினால் வருவதே. “மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது” என்று பலரும் கூறுவது பொய்யன்று. மோந்து பார்ப்பது அங்கே பயன்படாது என்பதே செய்தி.

சோற்றை மறுபடி சூடாக்கினால் அது நஞ்சாகிவிடும் என்றொரு கருத்து நம்மிடையே உலவுகிறது. இதில் பழி தவறான இடத்தில் விழுகிறது. கேடு நிகழ்வது சூடாக்கும்போதன்று. அதற்கு முன்பு உணவு ஆறிக்கொண்டிருந்த நேரத்தில்.

நெற்பயிர் மண்ணில் வளர்வது. அந்த மண்ணில் வாழும் பேசில்லஸ் செரியஸ் என்னும் பாக்டீரியா அரிசியோடு சேர்ந்தே நம் வீட்டுக்கு வருகிறது. வறட்சியும் வெப்பமும் தாக்கும்போது அது தடித்த உறை பூண்டு உறங்கும் நிலைக்குச் சென்றுவிடும். அந்நிலையைப் பாடநூல்கள் ‘வித்து’ என்கின்றன. பொருத்தமான சொல்லே: விதையைப் போலவே அது காலம் வரும்வரை காத்திருக்கும். சோறு கொதிக்கும்போது மற்ற நுண்ணுயிரிகள் மடிகின்றன, வித்து மடிவதில்லை. சோறு இறக்கப்பட்டு வெப்பம் 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அது முளைக்கத் தொடங்குகிறது. ஈரமும் மாவுச்சத்தும் இதமான வெப்பமும் உண்டு. போட்டியிட வேறு உயிரிகளும் இல்லை. அவ்வாறு பெருகும்போது சிலவகைகள் செரியுலைடு என்னும் நஞ்சைச் சோற்றிலேயே கக்கிவைக்கின்றன. இந்நஞ்சு 121 பாகை வெப்பத்தில் 90 நிமிடம் வைத்தாலும் அழிவதில்லை. பிரஷர் குக்கர் எட்டக்கூடிய வெப்பம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே, கெட்ட சோற்றை எவ்வளவு வறுத்தாலும் பயனில்லை.

இந்நோய் தெளிவாக இனங்காணப்பட்டது 1970களின் தொடக்கத்தில், பிரிட்டனில். சீன உணவகங்களில் வறுத்த சோறு உண்டவர்கள் சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தனர். அங்கே சோற்றை முன்னதாகவே பெருமளவில் வடித்து, குளிரூட்டினால் பருக்கைகள் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி, அறை வெப்பத்திலேயே குவித்து வைத்திருந்தனர். நாசி கோரெங்குக்கு முதல் நாள் சோறே ஏற்றது என்பதை இவ்வட்டாரத்தில் அறியாத இல்லம் இல்லை. முதல் நாள் சோறு என்பதில் தவறேதும் இல்லை. அது அந்த இரவை எங்கே கழித்தது என்பதே கேள்வி.

குழம்பின் கதை சற்று வேறு. இறைச்சிக் குழம்பில் காத்திருப்பது குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியா. அதற்கும் கொதியைத் தாங்கும் வித்து உண்டு. காற்றில்லாத இடத்தை விரும்பும் இது, பெரிய பானையின் அடியாழத்தில் செழிக்கும். 43 முதல் 47 பாகை வரையிலான வெப்பம் அதற்கு மிக உகந்தது. அந்நிலையில் அது ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடும். ஒன்று என்று தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் 64. இரண்டு மணி நேரத்தில் 4,096. மூன்று மணி நேரத்தில் 2,62,144. சோற்றிலுள்ளதுபோல் இது தன் நஞ்சை உணவில் பெரிதும் விட்டுவைப்பதில்லை. உயிருள்ள பாக்டீரியாக்களைப் பெருந்தொகையாக நாம் விழுங்கிய பின், அவை குடலில் நஞ்சை உண்டாக்குகின்றன. எனவே குழம்பை முழுவதும் கொதிக்கவைத்தால் அவை மடியும், வெதுவெதுப்பாக்கினால் மடியா.

இனி ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு ஆறு லிட்டர் பானையில் ஆட்டிறைச்சிக் குழம்பு தயார். ரைஸ் குக்கரில் சோறும் தயார். விருந்தினர் 3 மணிக்குச் சென்றதும் குக்கரை அணைத்துவிட்டார்கள். குழம்பு மூடியோடு அடுப்பின் மேலேயே இருந்தது. வீட்டின் வெப்பமே 30 பாகை. பானையின் நடுப்பகுதி மாலை முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். இரவு 9 மணிக்கு, குக்கரில் இருந்த சோற்றை எடுத்துப் பேரனுக்கு முட்டை சேர்த்து வறுத்துக் கொடுத்தார் பாட்டி. 10 மணிக்குக் குழம்பைப் பானையோடு குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தார். 11 மணிக்குப் பேரன் வாந்தி எடுத்தான். ஞாயிறு நண்பகல் அக்குழம்பை இலேசாகச் சூடாக்கிப் பெரியவர்கள் உண்டனர். அன்றிரவு 11 மணியளவில் இருவருக்கு அடிவயிறு முறுக்கி வயிற்றுப்போக்குத் தொடங்கியது. வாந்தியோ காய்ச்சலோ இல்லை.

ஒரே வீட்டில் நேர்ந்த இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். சோற்றின் நஞ்சு முன்பே உருவாகிவிட்டதால் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியாக வெளிப்பட்டது. குழம்பின் பாக்டீரியா குடலை அடைந்து வேலை செய்ய வேண்டியிருந்ததால் 6 முதல் 24 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். அந்த வீட்டார் பேரனின் வாந்திக்கு மாலையில் தின்ற ஐஸ்கிரீமையும், தங்கள் வயிற்றுப்போக்குக்கு ஞாயிறு இரவு வாங்கிய கடை உணவையும் குற்றம் சொல்லியிருப்பார்கள். அடுக்களை தப்பித்துக்கொள்ளும்.

குக்கரை அணைத்ததே அவ்வீட்டின் முதற்பிழை. ‘சூடாக வைத்தல்’ நிலையிலேயே விட்டிருந்தால், நல்ல குக்கர் சோற்றை 60 பாகைக்கு மேல் வைத்திருக்கும், வித்துகள் முளைத்திரா. அணைத்த குக்கர் சூட்டை மெல்ல மெல்லவே விடும் என்பதால், அது அடைகாக்கும் கூடாகிவிடுகிறது.

இவ்விடத்தில் நம் முன்னோரின் வழக்கம் ஒன்றைக் கேட்பீர்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இரவும் காலையும் குழம்புக்குச் ‘சூடு காட்டி’ வைத்தார்கள். மிஞ்சியதை வற்றவைத்துச் சுண்டக்குழம்பு ஆக்கினார்கள். அது பாதி சரியான அறிவு. கொதி பெருகிய பாக்டீரியாவைக் கொன்றது. புளியின் அமிலமும் வற்றலின் உப்பும் மீண்டும் பெருகுவதைத் தடுத்தன. ஆனால் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்ந்த குழம்புக்கு அந்தப் புளியின் காவல் இல்லை. சூடு காட்டும் ஒவ்வொரு முறையும் அது ஆபத்தான வெப்பநிலையைக் கடந்தே ஆற வேண்டியுள்ளது. நீரூற்றிய பழையதும் அவ்வாறே: புளிக்கும்போது உண்டாகும் அமிலம் ஓரளவு காக்கும், ஆனால் அமிலம் சேரச் சில மணி நேரம் பிடிக்கும். காலை முதல் ஆறிக் கிடந்த சோற்றில் இரவு நீரூற்றினால், அதற்குமுன் உருவான நஞ்சை நீர் நீக்காது.

ஆகவே செய்ய வேண்டியது விரைவாக ஆறவைத்தல். உலக சுகாதார நிறுவனம் சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது. பிரிட்டனின் அறிவுரை சோற்றுக்கு ஒரு மணி நேரம் என்பது. நம் வெப்பநாட்டுக்கு அந்தக் கண்டிப்பே ஏற்றது. சூடான பண்டத்தைப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது என்று அஞ்சிக் காத்திருப்போர் பலர். ஆவி அடங்கினால் போதும். முழுவதும் ஆற வேண்டியதில்லை. பானையோடு வைப்பதுதான் தவறு. உணவின் கனம் இருமடங்கானால், அது ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. குழம்பை ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் உயராதபடி அகன்ற கிண்ணங்களில் பிரித்தூற்றுங்கள். அவசரமென்றால் பானையைப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் நிறுத்திக் கிளறுங்கள்; இங்கே குழாய்நீரே இளவெப்பமுள்ளது என்பதால் அது மட்டும் போதாது. சோற்றைத் தட்டில் மெல்லப் பரப்பினால் கால்மணி நேரத்தில் ஆவி அடங்கிவிடும்.

பெட்டிக்குள் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுவதும் பிழையே. 2003 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் ஒரு குடும்பத்தார் வெள்ளிக்கிழமை செய்த பாஸ்தா கலவையைச் சனிக்கிழமை சுற்றுலாவுக்கு எடுத்துச் சென்றனர். மிஞ்சியதைத் திங்கள்வரை பெட்டியில் வைத்திருந்து ஐந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். அனைவரும் நோயுற்றனர்; ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கல்லீரல் செயலிழந்து இறந்தாள். பேசில்லஸ் செரியசே காரணம். அவ்வீட்டுப் பெட்டியின் வெப்பம் 14 பாகையாக இருந்தது. இத்தகைய மரணம் மிக அரிது. பெரும்பாலோர்க்கு ஒருநாளில் குணமாகிவிடும். ஆயினும் பெட்டி இயங்குகிறது என்பதும் அது 4 பாகையில் இருக்கிறது என்பதும் வேறு வேறு.

இதை அறிய எளிய வழி உண்டு. நடுத்தட்டில் ஒரு குவளை நீர் வைத்து, அதில் வெப்பமானியை இட்டு, மறுநாள் காலை பாருங்கள். நாம் அவ்வாறு சோதித்தபோது நம் வீட்டுப் பெட்டியே 9 பாகை காட்டியது. காரணம் பழுதன்று, பின்புறக் காற்றுவாயை மறைத்து ஊறுகாய்ப் புட்டிகளை அடுக்கியிருந்தோம். கதவுத் தட்டு அடிக்கடி சூடாகும் இடம். அங்கே மிஞ்சிய உணவை வைக்காதீர்கள். மசாலா தடவிய பச்சைக் கோழி எப்போதும் கீழ்த்தட்டில், மூடிய கலத்தில். அதன் நீர் சமைத்த உணவின்மேல் சொட்டலாகாது. ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் நாளை எழுதி ஒட்டிவிடுங்கள். சோற்றை மறுநாளுக்குள்ளும் குழம்பை மூன்று நாளுக்குள்ளும் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் தேவையென்றால் முதல்நாளே உறையவையுங்கள். உண்ணும் அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதி 75 பாகையை எட்டும்வரை சூடாக்குங்கள். குழம்பெனில் நன்கு கொதிக்க வேண்டும். மைக்ரோவேவில் ஓரம் கொதித்து நடு குளிர்ந்திருக்கும். பாதியில் நிறுத்திக் கிளறியே தீர வேண்டும்.

யாரேனும் நோயுற்றால், உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த, மருந்தகத்தில் கிடைக்கும் நீரிழப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். குழந்தைகள், முதியோர், சிறுநீர் குறைந்தோர், தொடர்ந்து வாந்தியெடுப்போர், உறக்கமயக்கத்தில் இருப்போர், மலத்தில் இரத்தம் காண்போர் ஆகியோரை மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். அங்கே “கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்” என்று கேட்டால், கடைசி வேளையோடு நிறுத்தாமல், முந்தைய 24 மணி நேரத்தில் உண்டவை எவை, அவை எப்போது சமைக்கப்பட்டன, எங்கே வைக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.